‘தான்’ எல்லாம் ‘ஒன்லி’ அல்ல

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் உம்மாவைச் சீனி வருத்தத்துக்கான கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களமோ கடையில் சாமான் வாங்குமளவுக்கே போதுமானது. ஆகவே இருவரும் ஆங்கிலத்தில் பேசினோம். முந்திய வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தவர், சீனி கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, உம்மா மாத்திரை எடுத்தாரா என்று கேட்டார்.

“யெஸ் டொக்டர், ஷீ டுக் இட் இன் த மோர்னிங் ஒன்லி” என்றேன்.

‘இன்று காலையில்தான் குடித்தார்’ என்பதே என் மனதில் இருந்தது. கடைசி மாத்திரை குடித்து அதிக நேரமாகவில்லை என்று சொல்ல நினைத்தேன். வைத்தியரோ, ‘காலையில் மட்டும் குடித்தார்’ என்று விளங்கிக்கொண்டார். இரவு மாத்திரையைத் தவறவிடக்கூடாது என்று சற்றுக் கண்டிப்பாகச் சொல்லி, பழைய அளவையே மீண்டும் எழுதித் தந்தார்.

வெளியே வந்து உம்மாவிடம் விடயத்தைச் சொன்னேன். “நான் ராவைக்கும் விடாமக் குடிக்கிற தானே மகள்!” என்றார் உம்மா. திரும்பவும் உள்ளே சென்று விளக்கினேன். இரண்டு வேளையும் ஒழுங்காகக் குடித்தும் சீனி குறையவில்லை என்று தெரிந்ததும், வைத்தியர் மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். உம்மா அன்று வாய் திறந்திராவிட்டால், போதாத மருந்தோடு அடுத்த கிளினிக் வரை காத்திருந்திருப்போம்.

இப்போது நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். “ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி”, “மை ஃபாதர் வில் கம் மன்டே ஒன்லி” என்ற வாக்கியங்களை வகுப்பில் நாள்தோறும் கேட்கிறேன். இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது?

நம்முடைய ‘தான்’ என்ற சொல்லிலிருந்துதான். தமிழில் எந்தச் சொல்லை அழுத்த விரும்புகிறோமோ அதன் பின்னால் ‘தான்’ சேர்க்கிறோம். ஆங்கிலம் பேசும்போது அந்த இடத்தில் ‘ஒன்லி’யை வைத்துவிடுகிறோம். சிங்களத்திலும் ‘மம ஈயே தமய் ஆவே’ என்று, அழுத்தும் சொல்லுக்குப் பின்னால் ‘தமய்’ வரும். ஹிந்தியில் ‘ஹீ’ என்ற சொல் இதே வேலையைச் செய்கிறது. அதனால்தான் இலங்கையிலும் இந்தியாவிலும் பலர் ஆங்கிலத்தை இப்படிப் பேசுகிறார்கள். நமக்குள் பேசும்போது பெரும்பாலும் இது விளங்கிவிடும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் எங்கே என்றால், ஒரே ‘தான்’ பல வேலைகளைச் செய்கிறது. ஏகார இடைச்சொல்லுக்குப் பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என ஆறு பொருள்களை நன்னூலில் படித்திருப்பீர்கள். ‘தான்’ என்பதும் அப்படித்தான். இடத்துக்கு இடம் பொருள் மாறும். ஆனால் ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் ‘ஒன்லி’ நின்றால், பொதுவாக அதற்கு ‘மட்டும்’ என்பதே பொருள். ‘லேடீஸ் ஒன்லி’ என்று எழுதிய அறிவித்தலை நினைத்துப் பாருங்கள். ‘பெண்களுக்கு மட்டும்’ என்றே அதை எல்லோரும் வாசிக்கிறார்கள்.

இரண்டு பொருள் தரும் வாக்கியத்தைக் கேட்பவர், தான் எதிர்பார்த்திருக்கும் பொருளையே எடுத்துக்கொள்வார். அறிக்கையில் சீனி கூடியிருந்தது. மாத்திரை தவறியிருக்கும் என்று வைத்தியர் நினைத்திருக்கலாம். என் ‘ஒன்லி’ அந்த நினைப்புக்குச் சாட்சி சொன்னதுபோல் ஆகிவிட்டது.

இதைத் தவிர்க்க என் மாணவிகளுக்கு ஒரு சிறு சோதனை சொல்லிக் கொடுக்கிறேன். சொல்ல வந்ததை முதலில் தமிழில் நினைத்து, ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘மட்டும்’ என்று போட்டுப் பாருங்கள். பொருள் மாறவில்லையானால் ‘ஒன்லி’ சரியானதே. அதைக் கடைசியில் விடாமல், எதை வரையறுக்கிறதோ அதற்கு முன்னால் வைத்தால் இன்னும் தெளிவு: “ஷீ டேக்ஸ் இட் ஒன்லி இன் த மோர்னிங்.” பொருள் மாறினால், அந்தத் ‘தான்’ என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பின்வரும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, நடந்து அதிக காலமாகவில்லை என்பது. ‘நேற்றுத்தான் வந்தேன்’ என்பதை ‘நேற்று மட்டும் வந்தேன்’ என்று மாற்ற முடியாது. இங்கே ‘ஒன்லி’யை நாளுக்கு முன்னால் கொண்டுவந்தால் போதும்: “ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே.” பேச்சில் “ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே” என்பதும் வழக்கமே. ‘இப்போதுதான் வந்தேன்’ என்றால் “ஐ ஹேவ் ஜஸ்ட் கம்.”

இரண்டாவது, அதற்கு முன் நடக்காது என்பது. ‘வாப்பா திங்கட்கிழமைதான் வருவார்’ என்ற வாக்கியத்தில், திங்கள் வரை வரமாட்டார் என்ற செய்தி இருக்கிறது. “மன்டே ஒன்லி” என்றால், அந்த ஒரு நாள் மட்டும் வருவார் என்று பிறர் நினைக்கக்கூடும். இதற்கு ஆங்கிலத்தில் ‘நொட்’, ‘அன்டில்’ என்ற இணை இருக்கிறது: “மை ஃபாதர் வோன்ட் கம் அன்டில் மன்டே.” நாம் ‘வருவார்’ என்று சொல்வதை ஆங்கிலம் ‘வரமாட்டார்’ என்று திருப்பிச் சொல்கிறது. இந்தத் திருப்பம்தான் மாணவிகளுக்குக் கடினமாக இருக்கிறது. பழகப் பழக வந்துவிடும்.

மூன்றாவது, வேறொன்றல்ல, இதுவே என்பது. ‘தாத்தாதான் உங்களுக்கு கோல் எடுத்தா’ என்று மூத்த சகோதரியைச் சொல்லும்போது, எடுத்தவர் யார் என்பதைச் சுட்டுகிறோம். “மை சிஸ்டர் ஒன்லி கோல்ட் யூ” என்பதற்குப் பதிலாக, “இட் வொஸ் மை சிஸ்டர் ஹூ கோல்ட் யூ” என்று சொல்லலாம். பேச்சில் இதைவிட எளிய வழியும் உண்டு. “மை சிஸ்டர் கோல்ட் யூ” என்று சாதாரணமாகச் சொல்லி, ‘சிஸ்டர்’ என்ற சொல்லில் மட்டும் குரலை அழுத்தினால் போதும். ஆனால் எழுத்தில் குரல் கேட்காது. கடிதத்திலும் விண்ணப்பத்திலும் முதல் வடிவமே பாதுகாப்பானது.

இந்த மூன்றிலும் அடங்காத ‘ஒன்லி’யும் உண்டு. “வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்று கேட்டால், “ஐ ஆம் ஃப்ரம் கண்டி ஒன்லி” என்கிறோம். நாம் ‘கண்டிதான்’ என்று சொல்லிப் பழகியதால் வந்தது அது. அங்கே அழுத்தவோ வரையறுக்கவோ எதுவும் இல்லை. “ஐ ஆம் ஃப்ரம் கண்டி” என்று நிறுத்திவிட வேண்டியதுதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் ‘ஒன்லி’ என்று முடித்தால் சிரிக்கவோ திட்டவோ வேண்டாம். “மட்டுமா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளை தானாகவே வாக்கியத்தைத் திருத்திக்கொள்ளும்.

இன்று அந்த வைத்தியர் முன்னால் மீண்டும் நின்றால், “ஷீ டேக்ஸ் இட் ட்வைஸ் எ டே. ஷீ டுக் த லாஸ்ட் வன் திஸ் மோர்னிங்” என்று இரண்டு வாக்கியமாகச் சொல்வேன். தினமும் இரண்டு வேளை, கடைசியாக இன்று காலை. இதில் ‘ஒன்லி’க்கு இடமே இல்லை.