பேய்க்கதை வீடியோ: மௌனத்தையும் எழுத வேண்டும்

பேய்க்கதை வீடியோவுக்கு எழுதும் பலர், சொல்ல வேண்டிய கதையை மட்டும் எழுதிவிட்டு, ஓசையை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கேட்பவருக்குப் பயம் வருவது பெரும்பாலும் குரல் நிற்கும் இடத்தில்தான். அந்த இடத்தை ஸ்கிரிப்டிலேயே குறித்துவிட வேண்டும்.

1942-ல் வெளிவந்த ‘கேட் பீப்பிள்’ படம் இதற்கு நல்ல பாடம். இரவில் தனியாகப் போகும் பெண்ணுக்குப் பின்னால் இன்னொருத்தியின் காலடிச் சத்தம் கேட்கிறது. சட்டென்று அது நின்றுவிடுகிறது. அவள் பதறி ஓடும்போது, சீறிக்கொண்டு குறுக்கே வந்து நிற்பது ஒரு பஸ். கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதுமே நமக்கு உதறல் எடுத்துவிடுகிறது. பஸ் அதை வெடிக்கச் செய்கிறது.

இதே உத்தியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட்:

0:00 ஓசை: சில்வண்டு. தொடர்ந்து ஒலிக்கட்டும்.
0:08 குரல்: கொல்லைக் கிணத்துல யாரோ தண்ணி இறைக்கிற சத்தம்.
0:13 ஓசை: ராட்டினம் கிறீச்சிடுகிறது. நிதானமாக, விட்டுவிட்டு.
0:22 குரல்: பாட்டி எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாங்க.
0:27 ராட்டினம், சில்வண்டு இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. மௌனம்: 3 விநாடி.
0:30 குரல், தணிந்து: அந்தக் கிணத்துல ராட்டினத்தைக் கழட்டி பத்து வருஷமாச்சு.
0:35 மௌனம்: 2 விநாடி.
0:37 ஓசை: ஒரே ஒரு கிறீச். மிக அருகில்.

சில்வண்டு அரை நிமிடம் ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. காது அதற்குப் பழகி, அதை மறந்துபோக வேண்டும். அப்போதுதான் அது நிற்கும்போது மனம் திடுக்கிடும். மௌனம் ஒரு விநாடிதான் என்றால், கதை சொல்பவர் மூச்சு வாங்குகிறார் என்று தோன்றும். ஐந்து விநாடியைத் தாண்டினால், வீடியோ நின்றுவிட்டதோ என்று விரல் திரைக்குப் போகும்.

மௌனம் என்றால் ஒலியே இல்லாத வெற்றிடம் அல்ல. அப்படி வைத்தால் போன் கெட்டுவிட்டதுபோல் இருக்கும். குரல் பதிவு செய்த அறையிலேயே, யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்து, அந்த மெல்லிய இரைச்சலை மௌனத்துக்கு அடியில் வையுங்கள். இரைச்சலை நீக்கும் வசதியை அதிகமாகப் போட்டால் இதுவும் அழிந்துபோகும்.

அடிவயிற்றைக் கலக்கும் கனத்த ‘உம்ம்’ ஓசை ஹெட்போனில் நன்றாகக் கேட்கும். போனின் சிறிய ஸ்பீக்கரில் அநேகமாகக் கேட்கவே கேட்காது. கிறீச், கொலுசு, தாழ்ப்பாள் போன்ற ஓசைகள் அதிலும் தெளிவாக விழும். எனவே வெளியிடும் முன் ஃபேன் ஓடும் அறையில், போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். சில்வண்டு நின்றது அங்கே தெரியவில்லை என்றால், மௌனத்தை நீட்டாதீர்கள். சில்வண்டின் ஒலியைக் கூட்டுங்கள்.