பதினைந்து நாளில் பறிபோகும் எம்.எஸ்சி. சீட்

தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், எம்.எஸ்சி. நர்சிங் படிக்கப் போவதற்காக வேலையை விடுகிறார். இதற்கு அவர் எழுதும் ராஜினாமா கடிதம் ஐந்தாறு வரிக்கு மேல் போகாது. ஆனால் அதில் குறிப்பிடும் கடைசி வேலை நாளைத் தவறாகக் கணக்கிட்டால், எந்தப் படிப்புக்காக வேலையை விடுகிறாரோ அந்தப் படிப்பிலேயே சேர முடியாமல் போகலாம்.

காரணம், இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர பி.எஸ்சி. நர்சிங்கில் பொதுவாக 55 சதவீத மதிப்பெண் வேண்டும். நான்காண்டு பி.எஸ்சி. முடித்தவருக்கு, அதன்பின் குறைந்தது ஓராண்டு பணி அனுபவமும் வேண்டும். அந்த அனுபவத்துக்கு ஆதாரம், மருத்துவமனை தரும் அனுபவச் சான்றிதழ். அதில் எழுதும் 'முதல்', 'வரை' தேதிகளில் இரண்டாவதைத் தீர்மானிப்பது ராஜினாமா கடிதம்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 2024 செப்டம்பர் 16-ம் தேதி வேலையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் கல்லூரியில் சேர வேண்டும். நியமன ஆணையில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருக்கிறது. அவசரத்தில் ஆகஸ்ட் 31-ம் தேதியோடு நின்றுவிட்டால், ஓராண்டுக்குப் பதினைந்து நாள் குறையும். நோட்டீஸ் மாதத்துக்கான சம்பளத்தையும் பிடித்துக்கொள்வார்கள். மாறாக, ஆகஸ்ட் 29-ம் தேதி கடிதம் கொடுத்து செப்டம்பர் 30 வரை வேலை பார்த்தால், நோட்டீஸும் முடியும், செப்டம்பர் 15-ம் தேதியே ஓராண்டும் நிறைந்துவிடும். அனுபவத்தை எந்தத் தேதி வரை கணக்கில் எடுப்பார்கள் என்பதை அந்த ஆண்டின் விண்ணப்பக் கையேட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அவர்களுக்கு, வார்டு இன்சார்ஜ் வழியாக. மதிப்பிற்குரிய அம்மா, 16.09.2024 முதல் மருத்துவ ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றி வருகிறேன். எம்.எஸ்சி. நர்சிங் படிக்க இருப்பதால் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். நியமன ஆணைப்படி இதை ஒரு மாத நோட்டீஸாக ஏற்று, 30.09.2025 பணி முடிவில் என்னை விடுவிக்க வேண்டுகிறேன். அதற்குள் என் பொறுப்புகளை ஒப்படைத்துவிடுகிறேன். பணிவிடுப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ், தங்களிடம் உள்ள என் அசல் சான்றிதழ்கள் ஆகியவற்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இந்தக் கடிதத்தில் குறை எதுவும் இல்லை. தொடர் நைட் டியூட்டி, போதாத சம்பளம், இன்சார்ஜின் கடுமை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அவற்றைத் தனிக் கடிதமாகக் கொடுப்பதே நல்லது. ராஜினாமாவில் சேர்த்தால் 'விசாரித்துவிட்டுத்தான் விடுவிப்போம்' என்று கோப்பை நிறுத்திவைக்கக் காரணம் கிடைத்துவிடும். 'உடனடியாக' என்ற சொல்லும் வேண்டாம், தேதியே போதும்.

கடிதத்தை இன்சார்ஜ் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. டியூட்டி பட்டியலில் ஆள் குறைவாக இருந்தால் அது மேசை டிராயரிலேயே தூங்கும். பிறகு 'எங்களுக்கு வந்தது செப்டம்பர் 10-ம் தேதிதான்' என்பார்கள். ஆகவே நகலில் பெறப்பட்டதற்கான முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றையும் வாங்க வேண்டும். மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்பலாம்.

நோட்டீஸ் மாதத்தில் சொல்லாமல் விடுப்பு எடுத்தால், அத்தனை நாளும் கடைசி நாளைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஒப்படைப்பையும் எழுத்தில் செய்ய வேண்டும். அவசர மருந்து டிராலியின் இருப்பு, போதை மருந்துப் பதிவேடு, வார்டுப் பொருள் பட்டியல் ஆகியவற்றைப் புதியவருடன் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட்டுவிட்டால், பின்னாளில் ஒரு ஊசி மருந்து குறைந்தாலும் அந்தப் பழி இவர் தலையில் விழாது. பார்மசி, ஹாஸ்டல், கணக்குப் பிரிவு ஆகியவற்றில் 'நோ டியூஸ்' வாங்கிய பிறகே பணிவிடுப்பு ஆணை கிடைக்கும்.

சேரும்போது பாண்ட் எழுதிக் கொடுத்தவர்கள் அதை முதலில் எடுத்துப் படிக்க வேண்டும். அதில் எழுதிய தொகை முழுவதையும் மருத்துவமனை தானாக வசூலித்துவிட முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, எழுதிய தொகைக்கு மிகாத, நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் வழங்கும்.

அரசு மருத்துவமனை செவிலியருக்கு இந்தக் கடிதமே பொருந்தாது. அங்கே ராஜினாமா செய்தால் பொதுவாக அதுவரையிலான பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். துறை வழியாக அனுமதி பெற்றுப் படிக்க வழி உண்டா என்பதைத்தான் அவர்கள் முதலில் விசாரிக்க வேண்டும்.

அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்ததும், அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன் பெயர், பதவி, இரண்டு தேதிகள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். அன்றே கேட்டால் ஐந்து நிமிடத்தில் திருத்தித் தருவார்கள். சேர்க்கை நாளில் கல்லூரியில் நின்றுகொண்டு திருத்த முடியாது.