வெங்காயம்தான் விடை

இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் எக்ஸிடர் தேவாலயத்தில் ஆயிரம் ஆண்டுப் பழைய கையெழுத்து நூல் ஒன்று உண்டு. 1072இல் இறந்த ஆயர் லியோஃப்ரிக் கொடுத்துச் சென்றது. இயேசுவின் வருகையையும் புனிதர்களின் வாழ்க்கையையும் பாடும் அந்த நூலில்தான் தொண்ணூறுக்கும் மேற்பட்ட விடுகதைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில, கேட்டவுடன் முகம் சிவக்கவைக்கும் இரட்டை அர்த்தக் கதைகள்.

பதிப்பாசிரியர்கள் 25 என்று எண்ணிட்ட விடுகதையில் ஒரு பொருள் தன்னைப் பற்றித் தானே பேசுகிறது. பெண்களுக்கு நான் மகிழ்ச்சி தருவேன் என்கிறது. என்னைக் கொல்பவரைத் தவிர வேறு யாருக்கும் தீங்கு செய்யமாட்டேன் என்கிறது. தண்டு நிமிர்ந்திருக்கும், படுக்கையில் நிற்பேன், அடியில் மயிர் அடர்ந்திருக்கும் என்று அடுக்குகிறது. குடியானவரின் அழகிய மகள் துணிந்து வந்து பிடிப்பாள், என் தலையைப் பறிப்பாள், இறுக்கமான இடத்தில் வைப்பாள், கொஞ்ச நேரத்தில் அவள் கண் ஈரமாகும் என்று முடிக்கிறது.

நூலில் விடை எழுதப்படவில்லை. லீக் பூண்டு, கடுகு, காட்டு ரோஜாவின் காய் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது வெங்காயத்தைத்தான். அந்த விடையை வைத்துக்கொண்டு மறுபடி படித்தால் ஒவ்வொரு குறிப்பும் ஒழுங்காகப் பொருந்துகிறது. நிமிர்ந்திருப்பது தாள். மயிர் என்பது வேர். படுக்கைக்கும் பாத்திக்கும் அந்த மொழியில் ஒரே சொல். தலை போவது அரியும்போது, இறுக்கமான இடம் வாய். அரிகிறவளைத் தவிர யாரையும் அது துன்புறுத்துவதில்லை; ஈரக் கண்ணுக்கும் அதுவே காரணம்.

இத்தகைய கதையின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. ஒரு குறிப்புகூடப் பொய்யாக இருக்கக் கூடாது. அதே நூலின் 44ஆம் விடுகதையில் ஆணின் தொடையருகே, ஆடைக்கடியில் விறைப்பான ஒன்று தொங்குகிறது; ஆடையைத் தூக்கி, பழகிய துளைக்குள் அதை நுழைக்கிறான். விடை சாவி. இடுப்பில் தொங்கும் சாவியை எடுக்க மேலாடையை விலக்கத்தான் வேண்டும், பூட்டின் துளைக்கு அது அளவாகத்தான் இருக்கும். இதில் "சூடானது" என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால் கதை கெட்டிருக்கும். சாவி சூடாக இருப்பதில்லை. அந்தச் சொல் ஆபாசத்துக்காக மட்டுமே வந்ததாகிவிடும். இரட்டை அர்த்தம் என்ற பெயரில் நாம் கேட்கும் பல கதைகள் விழுவது இப்படித்தான்.

கேட்பவர் ஏன் சிக்குகிறார்? பொருளின் பெயரை மறைத்துவிட்டு அதன் வடிவத்தையும் அதற்கு நடப்பதையும் மட்டும் சொல்கிறார் கதைக்காரர். முதலில் "பெண்களுக்கு மகிழ்ச்சி", பிறகு "நிமிர்ந்தது", பிறகு "படுக்கை". தனித்தனியாக எதுவும் தவறில்லை. இரண்டு குறிப்புகள் ஒரே பக்கம் சாய்ந்ததும் மூன்றாவதையும் மனம் அந்தப் பக்கமே இழுத்துக்கொள்கிறது. கதைக்காரர் குறிப்புகளின் வரிசையிலேயே வலையைப் பின்னிவிடுகிறார்.

டேவிட் ஸ்வின்னி என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் வெளியிட்ட சோதனை இதைப் புரிந்துகொள்ள உதவும். பூச்சி என்றும் ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லை அவர் வாக்கியத்தில் வைத்துக் கேட்கச் செய்தார். சிலந்தி, கரப்பான் என்று வாக்கியமே தெளிவாகச் சொன்னபோதும், அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் இரண்டு பொருள்களும் மனத்தில் எழுந்தன. மூன்று அசைகள் கடப்பதற்குள் பொருந்தாதது அணைந்துவிட்டது. விடுகதையிலோ எது பொருந்தாதது என்று காட்டும் பெயரே இல்லை. அதனால் தவறான பொருள் அணையாமல் நிற்கிறது. அடுத்தடுத்த குறிப்புகள் அதற்கு எண்ணெய் ஊற்றுகின்றன.

நம் ஊர்களிலும் மாமன் மச்சான், மதினி கொழுந்தன் போன்ற கேலி உறவுக்காரர்களிடையே இந்த வகைக் கதைகள் போடப்படுகின்றன. கேட்பவர் வாய் திறக்கத் தயங்கினாலும் சிரித்துவிட்டாலும் "உன் புத்தி எங்கே போகுது பார்" என்று மடக்குவார்கள். கேலி செய்ய உரிமையுள்ள உறவில் அது விளையாட்டு. அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு விடையின் பின்னால் ஒளிந்துகொண்டால் அது சீண்டல்தான். விடை வெங்காயமாக இருப்பது சொன்னவரைக் காப்பாற்றாது.

அந்தக் குற்றச்சாட்டும் நியாயமில்லாதது. கேட்பவர் மனத்தில் எழுந்ததை எழுப்பியவர் கதை கட்டியவர். அடுத்த முறை யாராவது உங்களை மடக்கினால் வெட்கப்படாதீர்கள். விடையை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு குறிப்பையும் அதோடு பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் பொருந்தினால் மனமாரச் சிரியுங்கள். பொருந்தாத குறிப்பு ஒன்று இருந்தாலும் அழுக்கு யாருடையது என்பது தெரிந்துவிடும்.