நாளைக்கு மீட்டிங், மறந்துடாதீங்க!

எங்கள் குடியிருப்பில் சங்கச் செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டிய வருடம் மொட்டை மாடி ஒழுகத் தொடங்கியது. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு காலை வந்து பார்க்கிறேன் என்று அவராகவே சொன்னார். சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “சார், நாளைக்கு மீட்டிங். மறந்துடாதீங்க. வந்துடுவீங்கல்ல?” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “நான் எதையும் மறக்கிறவன் இல்லை, தம்பி.”

மனிதர் வந்தார். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. கால் மணி நேரத்தில் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அப்படி என்ன கேட்டுவிட்டேன் என்று அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. “மறந்துடாதீங்க” என்றால் நீங்கள் மறக்கக்கூடியவர் என்று பொருள். “வந்துடுவீங்கல்ல?” என்பது இன்னும் மோசம். அந்த ‘ல்ல’வில் மொத்த அவநம்பிக்கையும் இருக்கிறது. “வருவீங்கதானே?” என்றாலும் இதே கதைதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமா போன் செய்து “மறக்காம வந்துடணும்” என்றால் யாருக்கும் கோபம் வராது, அங்கே உறவும் உரிமையும் பேசுகின்றன. அரைகுறைப் பழக்கமுள்ளவரிடம், அதுவும் காசு வாங்காமல் உதவ வருகிறவரிடம் அந்த உரிமை நமக்கு ஏது?

சொல்லை மாற்றினால் போதுமா என்றால், போதாது. “தங்கள் மேலான கவனத்துக்கு” என்று அரசாங்கக் கடிதம்போல எழுதினாலும் நச்சரிப்பு நச்சரிப்புதான். ஏற்கெனவே தெரிந்த ஒன்றையே திரும்பச் சொல்வதுதான் உறுத்துகிறது. ஆகவே முந்தின நாள் செய்தியில் அவருக்குத் தெரியாத, அவருக்கே பயன்படுகிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும். வழி, வண்டி நிறுத்துமிடம், எவ்வளவு நேரமாகும், யார் வருகிறார்கள் என எதுவாகவும் இருக்கலாம். நேரமும் நாளும் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். நினைவூட்டிய மாதிரியும் ஆயிற்று, நினைவூட்டாத மாதிரியும் ஆயிற்று.

ஒழுகலைச் சரிசெய்த பிறகு, வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்க்க அவரையே மறுபடி அழைக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை சனிக்கிழமை மாலை 6 மணிக்கு இப்படி அனுப்பினேன்:

“வணக்கம் சார். நாளை ஞாயிறு (14ஆம் தேதி) காலை 10 மணிக்கு நீங்கள் மாடியைப் பார்க்க வரும்போது பின் கேட் வழியாக வாருங்கள். முன்பக்கம் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன். கட்டட வரைபடத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் ஆகலாம். நேரம் மாற்ற வேண்டுமானால் மட்டும் சொல்லுங்கள்.”

நாளும் நேரமும் முதல் வரியிலேயே இருப்பதற்குக் காரணம் உண்டு. பலர் செய்தியைத் திறக்காமல், திரையில் தெரிகிற தொடக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். வெறும் ‘நாளை’ என்று எழுதினால், அதை மறுநாள் காலையில் படிக்கிறவருக்கு அது திங்கட்கிழமை ஆகிவிடும். அதனால்தான் கிழமையும் தேதியும். மாலை 6 மணி ஏனென்றால், அவருக்கு வேறு வேலை வந்திருந்தால் மாற்றிச் சொல்ல அப்போது அவகாசம் இருக்கிறது. ராத்திரி பத்தரைக்கு வருகிற செய்தியில் அனுப்பியவரின் பதற்றம்தான் தெரியும்.

கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. “உறுதிசெய்யவும்” என்று கேட்டால் அவர் தலையில் ஒரு வேலை ஏறுகிறது. “மாற்றம் இருந்தால் மட்டும்” என்றால் பேசாமல் இருப்பதே சம்மதம். கார் அனுப்பவோ சாப்பாடு சொல்லவோ பதில் கட்டாயம் வேண்டுமென்றால், அந்தக் காரணத்தையும் எழுதிவிடுங்கள்: “கார் சொல்ல வேண்டும், 8 மணிக்குள் தெரிவித்தால் நல்லது.” காரணம் தெரிந்தால் கேள்வி உறுத்தாது.

பதில் வராவிட்டால்? நீல டிக்கை நம்பி முடிவுக்கு வராதீர்கள், அதை அணைத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். ‘பார்த்தீங்களா சார்?’ என்று வால் பிடிக்கவும் வேண்டாம். வெறும் கேள்விக்குறி அனுப்புவது சுத்த அநாகரிகம். மறுநாள் காலை எட்டரைக்கு ஒரே ஒரு போன், அதுவும் வேலை விஷயமாக: “சார், கிளம்பும்போது ஒரு குரல் கொடுங்க, மாடிச் சாவியோட கீழே நிற்கிறேன்.”

இதெல்லாம் தேதி சொல்லி ஒப்புக்கொண்டவரிடம்தான் செல்லும். “பார்க்கலாம்” என்று இழுத்தவரை முந்தின நாள் எவ்வளவு நயமாக எழுதினாலும் வரவழைக்க முடியாது.

எனக்கு அந்தக் காலை போன் தேவைப்படவில்லை. பொறியாளர் 9.50க்கே பின் கேட்டில் நின்றார், கையில் சொந்த டேப்போடு.