பதிவற்ற விவாகத்தை நிறுவுதல்

இலங்கையில் இந்துக்கள் கோயிலிலோ வீட்டிலோ வழக்காற்று முறைப்படி செய்த விவாகம், பதியப்படாமையால் மட்டும் செல்லாததாகி விடாது. பதிவு விவாகத்தை உண்டாக்குவதன்று. அதற்குச் சிறந்த சான்றாகும். அச்சான்று இல்லாதவிடத்துப் பிற சான்றுகளால் விவாகத்தை நிறுவல் வேண்டும்.

கணவனை இழந்த ஒருத்தி அவன் காணியிற் பங்கு கேட்கிறாள் என்க. உறவினர், அவள் மனைவியல்லள் என்று மறுக்கின்றனர். அவள் முதலிற் காட்டவேண்டியது சடங்கு. கிரியை செய்த குருக்களும், கூறை கொடுத்ததையும் தாலி கட்டியதையும் நேரிற் கண்டோரும் சான்று பகரலாம். அவர்கள் இறந்திருப்பின் யாது செய்வது?

அப்பொழுது நெடுங்கால இல்வாழ்க்கை துணையாகும். ஆணும் பெண்ணும் கணவன் மனைவியராய் வாழ்ந்தமை நிறுவப்படின், மாறானது தெளிவாகக் காட்டப்படும்வரை, அவர்கள் முறையாக விவாகஞ் செய்தோரென்றே சட்டம் அனுமானிக்கும். இலங்கைத் தமிழர் வழக்கொன்றில் 1881 இல் கோமறைக் கழகம் இதனை வற்புறுத்தியது. எனவே, இருவரும் ஒருவீட்டில் வாழ்ந்தமை, சுற்றத்தார் நன்மை தீமைகளில் அவர்களைத் தம்பதிகளாக ஏற்றமை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் விவாகஞ் செய்தோரெனப் பதிந்தமை ஆகியன அவளுக்கு வலிமை தரும்.

ஆயினும் அனுமானத்துக்கு எல்லையுண்டு. அப்பத்திரத்தில் ‘இல்லை’ என்றிருப்பின் அதற்கு அவள் விளக்கங் கூறவேண்டும். அவனுடைய முந்திய விவாகம் அன்று நிலைத்திருந்ததென எதிரிகள் நிறுவினால், எத்தனை ஆண்டு வாழ்ந்திருப்பினும் அனுமானம் வீழும். ஊரார் ஐயுற்றனர் என்பது மட்டும் அதனை வீழ்த்தாது.

ஆதலின், கண்டோர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் வாக்குமூலத்தைச் சத்தியக் கடதாசியாக எழுதி வைத்தல் நன்று.