171.60 ரூபாய்க்கு விலை 170-ஆ, 180-ஆ? உங்க லாபத்தைத் தீர்மானிக்கும் மூணு ஃபார்முலா!

கடை பில்லோட கடைசி வரியில 'ரவுண்ட் ஆஃப்'னு ஒண்ணு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? 342.40 வந்தா 342, 342.60 வந்தா 343. பக்கத்துல இருக்கிற முழு ரூபாய்க்கு மாத்துறாங்க, அவ்வளவுதான். சில்லறைத் தொல்லை இல்லாம விலை வைக்க நினைக்கிறவங்க இதையே 5 ரூபாய், 10 ரூபாய்னு பெரிய அளவுல செய்வாங்க. சிக்கல் ஆரம்பிக்கிறதே அங்கதான்.

திருப்பூர் காதர்பேட்டையில குழந்தைகள் துணி மொத்தமா எடுத்து, காங்கேயத்துல வீட்டுல இருந்தபடியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டு விக்கிறீங்கனு வெச்சுக்கோங்க. டி-ஷர்ட் 132 ரூபாய், லெகிங்ஸ் 91 ரூபாய், நைட் டிரஸ் 218 ரூபாய்னு வாங்குறீங்க. அதுக்கு மேல 30% வெச்சா 171.60, 118.30, 283.40னு விலை வருது. இதை அப்படியே ஸ்டேட்டஸ்ல போட முடியாது. பத்தின் மடங்கா மாத்தணும். மொபைல்ல எக்செல், கூகுள் ஷீட்ஸ் எது இருந்தாலும் இந்த மூணும் வேலை செய்யும்.

```
=MROUND(B2,10)
=CEILING(B2,10)
=FLOOR(B2,10)
```

B2 என்பது விலை இருக்கிற கட்டம். 10 என்பது நீங்க விரும்புற மடங்கு. MROUND பக்கத்துல இருக்கிற மடங்குக்குப் போகும். சரியா நடுவுல 175னு இருந்தா மேல, 180-க்குப் போகும். CEILING எப்பவும் மேல மட்டும்தான் போகும். FLOOR எப்பவும் கீழ மட்டும்தான்.

நம்ம மூணு துணிக்கும் போட்டுப் பார்ப்போம். MROUND தர்றது 170, 120, 280. CEILING தர்றது 180, 120, 290. FLOOR தர்றது 170, 110, 280.

விலை 7% குறைஞ்சா லாபம் 30% காலி!

லெகிங்ஸைப் பாருங்க. 118.30-க்குப் பதிலா FLOOR 110 போடுது. எட்டு ரூபாய்தானேனு தோணும். ஆனா உங்க கைக்கு வர வேண்டிய லாபமே 27.30 ரூபாய்தான். அது இப்ப 19 ரூபாய். விலை 7% தான் குறைஞ்சிருக்கு, லாபத்துல 30% போயிடுச்சு.

MROUND-ல ஒண்ணு ஏறும், ஒண்ணு இறங்கும், மொத்தத்துல சரியாகிடும்னு சொல்வாங்க. எல்லாத் துணியும் ஒரே அளவு வித்தாலும் அது எப்பவும் உண்மை ஆகாது. உங்ககிட்ட அதிகம் ஓடுறது டி-ஷர்ட்னா, 171.60-ஐ 170-னு வித்து நூறு பீஸுக்கு 160 ரூபாய் விட்டுடுறீங்க. அதனால விற்பனை விலைக்கு CEILING பாதுகாப்பானது. நீங்க கணக்குப் போட்ட லாபத்துக்குக் கீழ அது இறங்கவே இறங்காது.

தள்ளுபடிக்கு மட்டும் கணக்கு தலைகீழ்

120 ரூபாய் லெகிங்ஸுக்கு '20% தள்ளுபடி'னு போடுறீங்க. வர வேண்டிய விலை 96. MROUND, CEILING ரெண்டுமே அதை 100 ஆக்கிடும். அப்போ நீங்க கொடுத்தது 17% கூட இல்லை. போன்லயே கால்குலேட்டர் இருக்கே, கஸ்டமர் உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. சொன்ன தள்ளுபடி குறையக் கூடாதுன்னா FLOOR தான் போடணும்.

ஆனா FLOOR போட்டா 90 வருது. நீங்க வாங்கினதே 91 ரூபாய்க்கு! ஒரு பீஸுக்கு ஒரு ரூபாய் நஷ்டம். இங்க தப்பு ஃபார்முலாவுல இல்லை, மடங்குல இருக்கு. நூறு ரூபாயை ஒட்டின பொருளுக்கு 10 ரொம்பப் பெருசு. `=FLOOR(96,5)` போட்டா 95 வரும். வாக்குக் கொடுத்த 20%-க்கு மேலேயே தள்ளுபடி, உங்களுக்கும் நாலு ரூபாய் மிச்சம். விலை குறைவான பொருளுக்கு மடங்கும் சின்னதா இருக்கணும்.

கண்ணுக்குத் தெரியாத 26 பைசா

வண்டி வாடகையையும் சேர்த்து ஒரு பீஸ் அடக்க விலை 100.20 ஆகுதுன்னா, 30% சேர்த்து 130.26. தசமத்தைக் காட்டாத மாதிரி கட்டத்தை அமைச்சிருந்தா திரையில 130னு மட்டும்தான் தெரியும். ஆனா CEILING உள்ளே இருக்கிற 130.26-ஐத்தான் பார்க்கும். உடனே 140 ஆக்கிடும். '130 ஏன் 140 ஆச்சு?'னு குழம்பினா, அந்தக் கட்டத்துல ரெண்டு தசம இடம் தெரியுற மாதிரி மாத்திப் பாருங்க. உண்மை வெளியே வந்துடும். அந்தப் பைசாவை விட்டுடலாம்னு நினைச்சா, முதல்ல முழு ரூபாய் ஆக்கிட்டு, அப்புறம் மேல ஏத்துங்க.

```
=CEILING(ROUND(B2,0),10)
```

இப்ப 130-லயே நிக்கும். விலைப் பட்டியலை ஸ்டேட்டஸ்ல போடுறதுக்கு முன்னாடி, பக்கத்துலயே இன்னொரு கட்டத்துல விற்பனை விலையில இருந்து அடக்க விலையைக் கழிச்சு ஒரு தடவை பார்த்துடுங்க. எந்தத் துணிக்கு ரவுண்டிங் உங்க லாபத்தைத் தின்னுதுன்னு அந்த ஒரு வரிசையே காட்டிக் கொடுத்துடும்.