கடைசி பெஞ்சும் பேனா எடுக்கும் கேள்வி

முதலாண்டுப் பொறியியல் வகுப்பைப் பல கல்லூரிகளில் இரண்டு மூன்று பிரிவுகளைச் சேர்த்து ஒரே கூடத்தில் நடத்துகிறார்கள. இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் அந்தக் கூடத்தில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் முன்வரிசையிலிருந்து பதில் வரும், பெரும்பாலும் அதே நான்கைந்து பேரிடமிருந்து. எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்திருப்பதால் மற்றவர்கள் யோசிக்கத் தொடங்குவதே இல்லை. தொடங்கினாலும் நேரம் கிடைப்பதில்லை. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்.

இதற்கு ஒரு மாற்று வழியை மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தார். முதலில் தனியாக யோசிக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும், கடைசியில் வகுப்போடு பகிர வேண்டும். ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘திங்க்–பேர்–ஷேர்’. பள்ளி வகுப்பறைகளில் பரவிய இந்த முறை பெரிய கூடத்திலும் எடுபடுமா என்று ஐ.ஐ.டி. பம்பாயில் சோதித்துப் பார்த்தார்கள். நானூறு பேருக்கு மேல் இருந்த முதலாண்டு நிரலாக்க வகுப்பு அது. நடவடிக்கை நடக்கும்போது மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கூடத்திலேயே உட்கார்ந்து கவனித்துக் குறித்தார்கள். சராசரியாக 83 சதவீதம் பேர் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள் என்று 2013இல் வெளியான அவர்களின் ஆய்வுக்கட்டுரை சொல்கிறது.

இதைக் கேள்விப்பட்ட ஆசிரியர்கள் பலர் மறுநாளே “பக்கத்துல இருக்கறவங்களோட டிஸ்கஸ் பண்ணுங்க” என்று சொல்லிப் பார்க்கிறார்கள். கூடம் இரைகிறது, ஐந்து நிமிடம் போகிறது, மறுபடியும் அதே முன்வரிசைதான் பதில் சொல்கிறது. மூன்று கட்டத்துக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கேள்வி வேண்டும். முந்தைய கட்டத்தில் எழுதியது கையில் இருந்தால்தான் அடுத்ததைச் செய்ய முடியும் என்ற அளவுக்கு அவை ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும். அப்படி ஒரு வரிசையை எப்படிக் கட்டுவது என்பதை அடிப்படை மின்னியல் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம்.

பாடம் தொடர் இணைப்பு. சூத்திரங்களைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள்தான் எல்லோரும், தவறான நம்பிக்கைகளும் அவற்றோடு சேர்ந்தே கல்லூரிக்கு வந்திருக்கின்றன. வாட் என்பது பல்புக்குள்ளேயே குடியிருக்கும் குணம் என்பது ஒன்று. மின்னோட்டம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகி, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது என்பது இன்னொன்று. ஒரே மின்னோட்டம் பாய்ந்தால் ஒரே வெளிச்சம் என்பது மூன்றாவது. கேள்வி தயாரிப்பவர் இந்த நம்பிக்கைகளைப் பட்டியலிடுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தனியாக யோசிப்பதற்கான கேள்வி இது. 60 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டையும் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுக்கிறோம். எது பிரகாசமாக எரியும்? ஒன்று, 100 வாட். இரண்டு, 60 வாட். மூன்று, இரண்டும் சமம். நான்கு, சப்ளைக்குப் பக்கத்தில் இருப்பது. சரியான விடை இரண்டாவது. மற்ற மூன்றும் மேலே சொன்ன மூன்று நம்பிக்கைகளிலிருந்து பிறந்தவை, இடத்தை நிரப்பச் சேர்த்தவை அல்ல. மாணவர் விடையின் எண்ணை எழுதி, ஏன் என்று ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். இரண்டு நிமிடம், பேச்சு கூடாது, கால்குலேட்டரும் கூடாது.

அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்தக் கட்டம் இருபது விநாடியில் கலைந்துவிடும். எழுத எதுவும் இல்லாதவர் பக்கத்தில் திரும்பத்தான் செய்வார். நேரம் முடியும் முன்பே கூடத்தில் முணுமுணுப்பு கேட்டால், கேள்வி மிக எளிதாக இருக்கிறது அல்லது எழுதச் சொன்னது போதவில்லை என்று பொருள்.

இரண்டு நிமிடம் முடிந்ததும் வாக்கெடுப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில், விடையின் எண்ணுக்கேற்ப ஒன்று முதல் நான்கு விரல்களை நெஞ்சுக்கு நேராகக் காட்ட வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைப் பார்த்து மாற்றிக்கொள்வார். நெஞ்சருகே வைத்தால் மேடையில் நிற்பவருக்குத் தெரியும், சக மாணவருக்கு எளிதில் தெரியாது. துல்லியமாக எண்ணத் தேவையில்லை, கண்ணளவு போதும். இந்த இடத்தில் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வகுத்த கணக்கு உதவும். சரியான விடை சொன்னவர்கள் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் மாணவர்களைப் பேசவிடலாம். அதற்குக் குறைவென்றால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்திருக்காது, கொஞ்சம் விளக்கிவிட்டு மறுபடி கேட்பதே நல்லது. அதற்கு மேல் என்றால் பேச ஒன்றுமில்லை, அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். எப்படியானாலும் சரியான விடையை இப்போது சொல்லக் கூடாது. முகத்திலும் காட்டக் கூடாது.

ஜோடிக் கட்டம்தான் பெரும்பாலும் சொதப்புகிறது. “இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்” என்றால், நன்றாகப் படிப்பவர் சொல்வார், மற்றவர் தலையாட்டுவார். ஆகவே இருவருக்கும் வெவ்வேறு வேலை. முதலில் சேர்ந்து இரண்டு பல்புகளின் மின்தடையைக் கண்டுபிடிக்க வேண்டும்: 60 வாட் பல்புக்கு ஏறக்குறைய 882 ஓம், 100 வாட்டுக்கு 529 ஓம். பிறகு இடப்பக்கம் இருப்பவர் P = I²R கொண்டும், வலப்பக்கம் இருப்பவர் P = V²/R கொண்டும் ஒவ்வொரு பல்பிலும் செலவாகும் திறனைக் கணக்கிட வேண்டும். இருவர் விடையும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எந்த வரியில் பிரிந்தது என்று ஒரே தாளில் எழுதி, இருவரும் தங்கள் பதிவெண்ணை இட வேண்டும்.

இடப்பக்கத்தவர் மொத்த மின்தடை 1411 ஓம் என்று கூட்டி, மின்னோட்டம் 0.163 ஆம்பியர் என்று கண்டு, 60 வாட் பல்பில் 23.4 வாட்டும் 100 வாட் பல்பில் 14.1 வாட்டும் என்று முடிப்பார். வலப்பக்கத்தவரில் பலர் V இருக்கும் இடத்தில் 230ஐப் போட்டு, 60, 100 என்று கொடுத்த எண்களையே திரும்பப் பெறுவார்கள். ஒரே இணைப்பு, இரண்டு சூத்திரம், இரண்டு விடை. ஒன்று மின்தடை கூடினால் திறன் கூடும் என்கிறது, மற்றது குறையும் என்கிறது. யார் சரி என்ற வாக்குவாதம் இங்கேதான் பிறக்கிறது. 230 வோல்ட்டும் ஒரு பல்புக்கே கிடைப்பதில்லை, 144 வோல்ட், 86 வோல்ட் என்று பிரிந்துதான் கிடைக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தாக வேண்டும். அந்த எண்களைப் போட்டால் V²/R கணக்கும் 23.4, 14.1 என்றே வந்து நிற்கும்.

ஆசிரியர் இந்த ஐந்து நிமிடமும் மேடையை விட்டு இறங்கி நடக்க வேண்டும். ஒருவர் எழுத, இன்னொருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை சரியாகப் பிரியவில்லை. பெஞ்சில் மூவர் இருந்தால் மூன்றாமவர் முதல் கட்டத்தில் மூவரும் எழுதிய காரணங்களைக் கணக்கோடு ஒப்பிட்டு, எந்தக் காரணம் எங்கே உடைகிறது என்று குறிக்கட்டும். பேச்சு தமிழில் நடக்கட்டும் என்று ஆசிரியரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர் மௌனமாக இருப்பதற்குப் பாடம் புரியாததைவிட ஆங்கிலத்தில் வாய் திறக்கும் தயக்கமே பல நேரம் காரணம். இந்தக் கட்டம் அவருக்குத்தான் மிகவும் தேவைப்படுகிறது. இரைச்சல் முதலில் ஏறும், ஒரு கட்டத்தில் தணியும். ஐந்து நிமிடம் ஆகாவிட்டாலும், தணியத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். மறுபடி ஏறவிட்டால் அடுத்த பேச்சு பாடத்தைப் பற்றியதாக இருக்காது.

இப்போதுதான் மேசையில் தயாராக வைத்த பலகையில் இரண்டு பல்புகளையும் எரியவிட வேண்டும். 60 வாட் பல்பு பிரகாசமாகவும், 100 வாட் மங்கலாகவும் எரியும். தங்கள் விடையை ஏற்கெனவே தாளில் எழுதிவிட்டவர்கள் பார்க்கும் சோதனை இது. முன்கூட்டியே காட்டியிருந்தால் அது வெறும் வேடிக்கை. எல்.இ.டி. பல்பை வைத்து இதைச் செய்ய முடியாது, இழையுள்ள குண்டு பல்புதான் வேண்டும். இழை முழுச் சூட்டை எட்டாததால் உண்மையான மின்தடை நாம் கணக்கிட்டதைவிடக் குறைவாக இருக்கும். 100 வாட் பல்பில் அந்தக் குறைவு இன்னும் அதிகம். அதனால் வெளிச்ச வித்தியாசம் கணக்கைவிடக் கூடுதலாகத் தெரியும்.

பகிரும் கட்டத்தில் “யார் விடை சொல்கிறீர்கள்?” என்று கேட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விடைதான் கண்ணெதிரே எரிகிறதே. ஆகவே புதிய கேள்வி. எலெக்ட்ரீசியன் கடையில் சீரீஸ் போர்டு பார்த்திருப்பீர்கள். பழுது பார்க்க வந்த சாதனத்தை 100 வாட் பல்போடு தொடராக இணைத்துப் பார்ப்பார்கள். 750 வாட் அயர்ன் பாக்ஸை அதில் சொருகியதும் பல்பு நன்றாக எரிகிறது. “உள்ளே ஷார்ட்” என்கிறார் கடைக்காரர். ஒப்புக்கொள்வீர்களா?

அயர்ன் பாக்ஸின் மின்தடை ஏறக்குறைய 70 ஓம்தான். ஆகவே 230 வோல்ட்டில் சுமார் 203 பல்புக்கே போய்விடும். நல்ல அயர்ன் பாக்ஸாக இருந்தாலும் பல்பு கிட்டத்தட்ட முழுதாகவே எரியும். கடைக்காரர் அவசரப்பட்டுவிட்டார். அப்படியானால் ஷார்ட்டையும் நல்லதையும் எப்படிப் பிரித்தறிவது? ஒரு ஜோடி இன்னும் பெரிய பல்பைப் போடச் சொல்லும், அது சரி. 200 வாட் பல்பு என்றால் ஏறத்தாழ 182 வோல்ட்தான் அதற்குக் கிடைக்கும், மங்கலைக் கண்ணால் பிடிக்கலாம். இன்னொரு ஜோடி மல்டிமீட்டர் என்று சொல்லும், அதுவும் சரி. எந்த ஜோடியைக் கேட்பது என்பதை ஆசிரியர் நடந்தபோதே முடிவு செய்திருக்க வேண்டும். முதலில் 230ஐப் போட்டுச் சிக்கி, பிறகு வெளியே வந்த ஒரு ஜோடி. அடுத்து, நடுவரிசையில் ஒன்று. “உங்க தாள்ல என்ன வந்திருக்கு?” என்று கேட்டால் இருவர் சேர்ந்து எழுதியதை ஒருவர் வாசிக்கிறார். தனி ஆளை எழுப்பி நிற்கவைக்கும் கூச்சம் அங்கே இல்லை.

முழு வரிசைக்கும் பதினைந்து நிமிடம் ஆகும். ஐம்பது நிமிட வகுப்பில் ஒன்று வைக்கலாம், நெருக்கினால் இரண்டு. போர்ஷன் முடியாதே என்ற கவலை நியாயமானது. புத்தகத்தில் அப்படியே இருக்கும் வருவிப்பை வீட்டுக்கு அனுப்பினால்தான் இந்த நேரம் கிடைக்கும். எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தவும் செய்யாது. தவறான நம்பிக்கை எதுவும் மறைந்திருக்காத வரையறைக்கும் அலகுப் பட்டியலுக்கும் ஜோடி தேவையில்லை.

பம்பாயின் 83 சதவீதம் கண்ணுக்குத் தெரிந்த ஈடுபாட்டின் அளவு, ஈடுபட்டவர் எல்லாம் கற்றுவிட்டார் என்று அதைப் படிக்கக் கூடாது. அதை அறிய, அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் ஜோடி இல்லாமல் ஒரே ஒரு கேள்வி போதும். அதே இரண்டு பல்புகளோடு இன்னொரு 60 வாட் பல்பையும் தொடரில் சேர்த்தால், 100 வாட் பல்பின் வெளிச்சம் கூடுமா, குறையுமா, மாறாதா? குறையும் என்பது விடை. ‘மாறாது’ என்பதற்கு நிறைய விரல்கள் நீண்டால், வாட் பல்புக்குள்ளேயே இருக்கிறது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை, ஜோடிக் கேள்வியைத்தான் திருத்தி எழுத வேண்டும். ‘கூடும்’ என்பதற்கு நீண்டால், மொத்த மின்தடையைக் கூட்டும் இடத்திலேயே சிக்கல் இருக்கிறது. அதற்கு இன்னொரு வரிசை வேண்டாம், கரும்பலகையில் ஐந்து நிமிட விளக்கம் போதும்.